காசு சுண்டிய பிரபுவும் பாதியில் நின்ற வகைக்கெழுவும்

கணக்குப் பதிவுன்னு பார்த்ததும் பின்னங்கால் பிடரியில பட ஓடிடாதீங்க மக்களே. இதுல ஒரு சூதாட்டக் கேள்வி இருக்கு, கடனுக்காக ஜெயிலுக்குப் போன ஒரு பிரபு இருக்கார். கணக்கு நடுவுல கொஞ்சம்தான் :-)

1721, லண்டன். ஆபிரகாம் டி மாவ்ருக்கு அப்ப 54 வயசு இருக்கும். பிரான்சில் புராட்டஸ்டன்ட்டா பிறந்ததால ஊரை விட்டு இங்கிலாந்துக்கு வந்தவர். நியூட்டனுக்கு நண்பர், ராயல் சொசைட்டி உறுப்பினர், ஆனா நிரந்தர வேலைன்னு ஒண்ணு கிடையாது. பிள்ளைகளுக்கு ட்யூஷன், சூதாடிகளுக்கு ஆலோசனை, இப்படித்தான் பொழைப்பு ஓடிச்சு. அவர்கிட்ட அலெக்சாண்டர் கமிங்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கேள்வி கேட்டார். இவர் ஒரு தனி கேரக்டர். பின்னாடி 1730ல் அமெரிக்கா போய், செரோக்கி மக்கள் ஏழு பேரை லண்டனுக்கு கூட்டிட்டு வந்து ராஜா முன்னாடி நிறுத்தினவர். கடைசியில கடன் தொல்லையில சிறைக்குப் போனவரும் இவரேதான்.

கேள்வி இதுதான். ரெண்டு பேர் சம பலத்தோட n ஆட்டம் ஆடுறாங்க (n இரட்டை எண்). வேடிக்கை பார்க்கிற மூணாவது ஆளுக்கு ஒரு வாக்கு கொடுக்கிறாங்க: ஜெயிச்சவர் பாதி ஆட்டத்துக்கு மேல எத்தனை ஆட்டம் ஜெயிச்சாரோ அத்தனை காசு அவருக்கு. ஆறு ஆட்டத்துல ஒருத்தர் 4 ஜெயிச்சா 1 காசு, 5 ஜெயிச்சா 2, ஆறும் ஜெயிச்சா 3, ஆளுக்கு மூணுன்னா ஒண்ணுமில்லை. வேடிக்கை பார்க்கிறவருக்கு சராசரியா எவ்வளவு கிடைக்கும்?

n = 6க்கு கையாலயே போட்டுடலாம். பாஸ்கல் முக்கோணத்தின் ஆறாவது வரிசையை எடுத்துக்குங்க:

```
1   6   15   20   15   6   1
```

மொத்தம் 64 வழிகள். ஒவ்வொண்ணையும் அதுக்கான காசால பெருக்கிக் கூட்டினா 3 + 12 + 15 + 0 + 15 + 12 + 3 = 60. ஆக சராசரி 60/64 காசு. ஆனா கமிங் கேட்டது ஆறுக்கு மட்டும் இல்லை. எந்த n ஆனாலும் விடை வேணும்.

இப்ப நாம ப்ளஸ் டூல படிச்ச வித்தையை எடுத்துப் பார்ப்போம். (டி மாவ்ர் இப்படித்தான் போட்டார்னு சொல்ல வரலை. இன்னைக்கு நாம போடுற விதத்துல போடுறேன்.) ஈருறுப்புத் தேற்றம்:

```
(1+x)^n = Σ C(n,k) x^k
```

இதுல x = 1 போட்டா ஒரு வரிசையின் கூட்டுத்தொகை 2^n. இது ரொம்பப் பழைய சங்கதி. குறிலும் நெடிலும் கலந்து எத்தனை விதமா ஓர் அடி அமைக்கலாம்னு எண்ணின பிங்கலருக்கே இந்த 2^n தெரியும். ஒவ்வொரு கெழுவையும் k-ஆல பெருக்கிக் கூட்டச் சொன்னாதான் வேலை ஆரம்பிக்குது. அதுக்கு ரெண்டு பக்கமும் வகையிடணும். x^k-ஐ வகையிட்டா k கீழே இறங்கி முன்னாடி வந்து நிக்கும். நமக்கு வேணும்கிறதே அதுதானே!

```
n(1+x)^(n-1) = Σ k C(n,k) x^(k-1)
```

x = 1 போட்டா, Σ k C(n,k) = n·2^(n-1). இதை 2^n-ஆல வகுத்தா n/2. சராசரியா பாதி ஆட்டம் ஜெயிப்பாங்க. இதுக்கு வகைநுண்கணிதமான்னு நீங்க கேக்கிறது காதுல விழுது.

சரி, k² வேணும்னா? இங்கதான் நிறைய பேர் வழுக்குவாங்க. மறுபடி நேரா வகையிட்டா k² வராது, k(k-1) தான் வரும். ஏன்னா முதல் தடவையிலயே அடுக்கு k-1 ஆயிடுச்சு. அதனால நடுவுல ஒரு தடவை x-ஆல பெருக்கி அடுக்கை மறுபடி k ஆக்கிட்டு வகையிடணும். இன்னொண்ணு, x = 1 போடுறது எப்பவும் கடைசியில. முன்கூட்டியே போட்டுட்டா கையில இருக்கிறது வெறும் எண். அதை வகையிட்டா பூஜ்யம்தான். ஒழுங்காப் போட்டா:

```
Σ k² C(n,k) = n(n+1)·2^(n-2)
```

சரியான்னு பார்க்க n = 2 போதும்: 0·1 + 1·2 + 4·1 = 6, வலப்பக்கம் 2·3·1 = 6. இதையும் முந்தின விடையையும் சேர்த்தா, பாதியிலிருந்து எவ்வளவு விலகுதோ அதோட வர்க்கத்தின் சராசரி n/4. ஆறுக்கு 6/4, அதாவது 96/64. மேலே உள்ள வரிசையை வச்சு 9 + 24 + 15 + 0 + 15 + 24 + 9 போட்டுப் பாருங்க, 96 வரும்.

அப்போ கமிங் மட்டும் விலகலின் வர்க்கத்தைக் காசா கேட்டிருந்தா விஷயம் ரெண்டு வரியில முடிஞ்சிருக்கும். அவர் கேட்டது வெறும் விலகல், அதுவும் கழித்தல் குறி இல்லாம. வர்க்கத்துக்கு இடது வலது பேதமே கிடையாது, முழு வரிசைக்கும் ஒரே சூத்திரம். விலகலுக்கு நடுவுல குறி மாறுது. வலது பக்கம் k - n/2, இடது பக்கம் n/2 - k. குறியைப் பார்க்காம முழுசாக் கூட்டினா ரெண்டு பக்கமும் அடிச்சுப் பூஜ்யம் ஆயிடும். அதனால பாதி வரிசையை மட்டும்தான் கூட்டணும். அங்கதான் நம்ம வித்தை நின்னுடுது. x-க்கு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் பாதி வரிசையை மட்டும் அணைக்க முடியாது. (1+x)^n-ங்கிற சின்ன வடிவம் முழு வரிசைக்குத்தான் சொந்தம். வரிசையைப் பாதியில வெட்டினா எஞ்சியிருக்கிற பல்லுறுப்புக்கோவைக்கு பொதுவா அப்படி ஒரு வடிவமே கிடையாது.

ஆனா வகையிட்ட அந்த சமன்பாட்டுக்குள்ள இன்னும் சரக்கு இருக்கு. மதிப்பைப் போடாம, ரெண்டு பக்கமும் x^(k-1)-இன் கெழுவை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்க:

```
k C(n,k) = n C(n-1,k-1)
```

இப்ப n = 2m. பாஸ்கல் முக்கோணத்தின் அடிப்படை விதி C(n,k) = C(n-1,k-1) + C(n-1,k). இந்த ரெண்டையும் சேர்த்தா:

```
(k-m) C(2m,k) = m [ C(2m-1,k-1) - C(2m-1,k) ]
```

ஒவ்வொரு உறுப்பும் பக்கத்துப் பக்கத்து ரெண்டு எண்களின் வித்தியாசம் ஆயிடுச்சு! ஆறுக்கு m = 3. மேல் வரிசை 1 5 10 10 5 1. வலது பாதி மூணு உறுப்பும் இப்படி வரும்: 3(10-5), 3(5-1), 3(1-0). கூட்டும்போது நடுவுல உள்ள 5-ம் 1-ம் அடிபட்டு 3·10 = 30 மட்டும் மிஞ்சும். இடது பாதியும் அதே 30. மொத்தம் 60. நாம கையால போட்ட அதே 60.

பொதுவா எழுதினா வேடிக்கை பார்க்கிறவரின் சராசரி வருமானம்:

```
(n/2) · C(n, n/2) / 2^n
```

டி மாவ்ர் கொடுத்த விடையும் இதேதான்: நடு உறுப்பை n/2-ஆல பெருக்கி 2^n-ஆல வகு. பாதி வரிசை முழுக்க இருந்த கூட்டல் சுருங்கி, நட்டநடுவுல இருக்கிற ஒரே ஒரு கெழுவா வந்து நிக்குது.

சரி, நூறு ஆட்டம்னா? C(100,50)-ஐ 2^100-ஆல வகுக்கணும். கால்குலேட்டர் இல்லாத காலம், முப்பது இலக்க எண்ணைக் கையால எழுதுறது நடக்கிற காரியமில்லை. நடு உறுப்பு தோராயமா எவ்வளவுன்னு சொல்ல ஒரு வழி வேணும். டி மாவ்ர் இந்தத் தோராயக் கணக்கில் இறங்கியதும் அதே 1721 வாக்கில்தான். நடு உறுப்புக்கும் 2^n-க்கும் உள்ள விகிதம் 2-ஐ √n-ஆலயும் ஒரு மாறிலியாலயும் வகுத்த மாதிரி போகுதுன்னு கண்டுபிடிச்சார். மாறிலியின் மதிப்பை ஒரு தொடரை வச்சு ஏறக்குறைய 2.5-ன்னு போட்டார், ஆனா அது என்ன எண்ணுன்னு பிடிபடலை. கமிங் இந்த நடு உறுப்பு விஷயத்தை ஜேம்ஸ் ஸ்டர்லிங் காதிலயும் போட்டு வச்சிருந்தார். அந்த மாறிலி √(2π)-ன்னு கண்டுபிடிச்சது ஸ்டர்லிங்தான். காசு சுண்டுற கணக்குல வட்டத்துக்கு என்ன வேலைன்னு யோசிச்சா இன்னைக்கும் கொஞ்சம் புல்லரிக்கத்தான் செய்யுது.

நூறு ஆட்டத்துக்கு இந்தத் தோராயம் 0.0798-ன்னு சொல்லுது, உண்மையான மதிப்பு 0.0796. 50-ஆல பெருக்கினா வேடிக்கைக்காரருக்கு 4 காசுக்குக் கொஞ்சம் குறைவு. நானூறு ஆட்டம்னா 16 இல்லை, 8-க்குக் கொஞ்சம் குறைவு. ஆட்டம் நாலு மடங்கு கூடினா வருமானம் ரெண்டே மடங்கு. n வளரும்போது விலகல் √n வேகத்துலதான் வளரும்ங்கிறது இந்த விடையிலயே தெரியுது.

டி மாவ்ர் நடு உறுப்போட நிறுத்தலை. நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக மற்ற உறுப்புகள் எப்படிக் குறையுதுன்னும் பார்த்தார். 1733 நவம்பரில் நண்பர்களுக்காக லத்தீனில் ஒரு சின்ன வெளியீடு அச்சடிச்சார். இன்னைக்கு நாம மணி வளைகோடுன்னு சொல்ற சமாசாரம் அதுலதான் முதல்ல தலை காட்டுது. காஸ் பிறக்கிறதுக்கு 44 வருஷம் முன்னாடி!

போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. ஆறு ஆட்டத்துக்குப் பதிலா ஐந்து ஆட்டம் ஆடினா வேடிக்கைக்காரருக்கு எவ்வளவு? வரிசை 1 5 10 10 5 1, விலகல்கள் 2.5, 1.5, 0.5. கூட்டினா 30, வகுத்தா 30/32. அட, அதே 60/64! ஆறாவது ஆட்டத்தால அவருக்குக் கால் காசு லாபமில்லை. ஐந்தாவது ஆட்டம் முடியும்போது யாராவது ஒருத்தர் கண்டிப்பா முன்னாடி இருப்பார். அடுத்த ஆட்டம் விலகலை அரை கூட்டும் அல்லது அரை குறைக்கும், ரெண்டுக்கும் சம வாய்ப்பு. ஏழாவது ஆட்டத்துல மட்டும் ஏன் இந்த வாதம் உடையுது, வருமானம் எவ்வளவு கூடுது? விடை தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல ஒரு வரி போட்டுட்டுப் போங்க.