பின்னணிக் குரலும் தொலைந்த தமிழ்ப்படமும்: ஏ.கே. செட்டியாரின் காந்தி ஆவணப்படத்தை முன்வைத்து

திரைப்படத்தில் முகம் காட்டாமல் ஒலிக்கும் குரலைப் பற்றிய குற்றச்சாட்டு பேசும்படத்தின் வயதை ஒத்தது. காட்சியால் சொல்ல இயலாததைச் சொல்லால் ஈடுகட்டும் சோம்பல் என்று விமர்சகர்கள் அதனைக் குறைகூறி வந்துள்ளனர். பேசும்படம் பரவத் தொடங்கிய 1928இலேயே ஐசன்ஸ்டைன், புதோவ்கின், அலெக்சாந்திரோவ் ஆகிய மூவரும் வெளியிட்ட அறிக்கை, காட்சியை ஒட்டியே செல்லும் ஒலி படத்தொகுப்பின் ஆற்றலை அழித்துவிடும் என எச்சரித்தது. ஒலி காட்சிக்கு எதிர்நிலையில் நின்று இயங்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இக்குற்றச்சாட்டிலிருந்து விமர்சகர்கள் ஓர் எளிய சோதனையை வகுத்துக்கொண்டனர். குரலை நீக்கிவிட்டுப் படத்தைப் பார்க்க வேண்டும். எதுவும் குறையவில்லை என்றால் அக்குரல் தேவையற்றது. தமிழில் உருவான ஒரு படத்தின்மீது வரலாறே இச்சோதனையை நடத்தியிருக்கிறது. அதன் விளைவு, அச்சோதனை கருதுவதைக் காட்டிலும் சிக்கலானது.

அப்படத்தை உருவாக்கியவர் ஏ.கே. செட்டியார். செட்டிநாடு எனப்படும் நிலப்பகுதி இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடப்பது. அதன் ஊர்களுள் ஒன்றான கோட்டையூரில் 1911இல் பிறந்த அவர், 1937 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் சென்றபோது காந்தியைப் பற்றிய முழுநீள ஆவணப்படம் ஒன்றைத் தொகுக்க முடிவு செய்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த துண்டுகளைத் தேடி ஒரு லட்சம் மைல் பயணம் செய்து 50,000 அடிப் படச்சுருளைச் சேர்த்தார். அதிலிருந்து 12,000 அடி தேர்ந்தெடுக்கப்பட்டு, தமிழ் விளக்கவுரையுடன் 1940 ஆகஸ்டில் சென்னையில் வெளியிடப்பட்டது. தெலுங்கு உரையுடனும், விடுதலையை ஒட்டி இந்தி உரையுடனும் அது மீண்டும் உருப்பெற்றது.

இத்தகைய படத்தில் குரல் அலங்காரமன்று. சேகரிக்கப்பட்ட துண்டுகளில் பெரும்பகுதி ஊமைப்படக் காலத்தவை. செய்திப்பட நிறுவனங்கள் வெவ்வேறு நோக்கங்களுக்காக எடுத்தவை. ஒரு கூட்டம் நடக்கிறது, ஒருவர் கப்பலிலிருந்து இறங்குகிறார், சிலர் கைகூப்புகின்றனர். இது எந்த ஊர், எந்த ஆண்டு, யார் அந்த மனிதர் என்பதைப் பிம்பம் தானாகச் சொல்வதில்லை. கதைப்படத்தின் இயக்குநர் தமக்கு வேண்டிய காட்சியை எடுத்துக்கொள்ளலாம். பழஞ்சுருள்களைத் தொகுப்பவருக்கு அவ்வுரிமை இல்லை. யாரோ எடுத்து வைத்ததுதான் அவருக்குக் கிடைக்கும். எனவே கதைப்படத்துக்குரிய அளவுகோலை இங்கு அப்படியே பொருத்துவது தவறு.

இதில் தொழில்நுட்ப நெருக்கடி ஒன்றும் உண்டு. 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 பிம்பங்கள். ஊமைப்படங்கள் பல, நொடிக்கு ஏறத்தாழ 16 பிம்பங்கள் என்ற வேகத்தில் எடுக்கப்பட்டன. அவ்வகையில் 60 அடித் துண்டு ஒரு நிமிடம் ஓடும். பேசும்படக் கருவியின் வேகம் நொடிக்கு 24 பிம்பங்கள். அதே துண்டு அதில் 40 நொடியில் முடிந்துவிடும். மாந்தர் துள்ளித் துள்ளி நடப்பர். காந்தியின் இயல்பான விரைநடை இதனால் ஏறக்குறைய ஓட்டமாகவே தெரியும். உரை எழுதுபவருக்கு ஒரு நிமிடக் காட்சியில் முக்கால் நிமிடம்கூட மிஞ்சுவதில்லை. நிதானமாகப் படித்தால் அறுபது, எழுபது சொற்களே அதில் அடங்கும். அவற்றை எதற்குச் செலவிடுவது என்பதில்தான் சோம்பலும் ஆழமும் பிரிகின்றன.

தண்டி யாத்திரைக் காட்சி ஒன்றைக் கருதலாம். காந்தி கோலூன்றி முன்னே நடக்கிறார், தொண்டர்கள் பின்தொடர்கின்றனர். ‘காந்தியடிகள் நடந்து செல்கிறார், மக்கள் திரண்டு வரவேற்கின்றனர்’ என்று குரல் கூறினால் அது கண்ணுக்குத் தெரிந்ததையே காதுக்கு மீண்டும் ஊட்டுவதாகும். 1930 மார்ச் 12இல் 78 தொண்டர்களுடன் புறப்பட்டு 24 நாள் நடந்தார் என்பது காட்சியில் இல்லாத செய்தி, அது பயன்படும். அதற்கும் அப்பால் ஒரு படி உள்ளது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் மண்ணுப்புக் காய்ச்சுவது 19ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியிலேயே நிறுத்தப்பட்டு, அதற்கு ஈடாகப் பிரிட்டிஷ் அரசு தர்பாருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை செலுத்தி வந்தது. அந்தச் சமஸ்தானத்துப் பார்வையாளருக்கு இவ்வுண்மையைக் காட்சியோடு சேர்த்துச் சொல்லும் குரல் ஒன்றைக் கற்பனை செய்தால், குஜராத் கடற்கரையில் அள்ளப்படும் கைப்பிடி உப்பு அவரது வீட்டு உப்பாகிவிடும். அதே ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்ததையும் அக்குரல் இணைக்கலாம். பிம்பம் ஓரங்குலமும் மாறாது. அதன் பொருள் மாறும். காட்சியும் குரலும் வெவ்வேறு இடங்களில் நிற்பதால் விளையும் பயன் இது. 1928 அறிக்கை கோரிய எதிர்நிலைக்கு இது அயலானதன்று.

இக்குரல் யாரை நோக்கிப் பேசுகிறது என்பது அதனால் முதன்மை பெறுகிறது. செட்டியார் சேகரித்த காட்சிகள் 1953இல் அமெரிக்காவில் சுருக்கப்பட்டு ஆங்கிலப் படமாயின. பத்திரிகையாளர் குவென்டின் ரெனால்ட்ஸ் அதற்கு விளக்கவுரை பேசினார். ‘மகாத்மா காந்தி: இருபதாம் நூற்றாண்டின் தீர்க்கதரிசி’ எனப் பொருள்படும் தலைப்பே, காந்தியை அறியாத மேலைநாட்டவருக்கு விவிலியச் சொல் ஒன்றின் வழியாக அவரை அறிமுகம் செய்கிறது. அது தவறில்லை, அப்பார்வையாளருக்கு அது வேண்டியதே. ஆயினும் 1940இல், போர்க்காலக் கெடுபிடியின் நடுவே, ஆளும் அரசின் கண்முன் தமிழ் மக்களிடம் பேசிய குரலின் பணி வேறு. அப்போது காந்தி உயிரோடு இருந்தார், போராட்டம் முடியவில்லை. அதே பிம்பங்கள் 1953இல் இறந்தவரின் நினைவுச்சின்னமாகிவிட்டன.

இவ்விடத்தில் விமர்சகரின் சோதனை தடுமாறுகிறது. தமிழ்க் குரல் நீக்கப்பட்ட பின்னும் படம் ஓடியது, பார்வையாளருக்குப் புரிந்தது. சோதனையின்படி அக்குரல் தேவையற்றது என்றாகும். உண்மையில் ஒரு குரல் போன இடத்தில் மற்றொரு குரல் வந்து, அதே காட்சிகளை வேறொரு படமாக்கிற்று. கழற்றி மாட்ட இயல்வது குரலின் பலவீனமன்று. எந்தக் குரலையும் ஏற்கும் பிம்பத்தின் நிலையில்லாமையே அதனால் வெளிப்படுகிறது.

குரல் எங்கே ஒதுங்க வேண்டும் என்பதற்கும் சான்று உண்டு. சத்யஜித் ராய் பாலசரஸ்வதியைப் பற்றி 1976இல் எடுத்த ‘பாலா’வில் விளக்கவுரையைத் தாமே பேசினார். குடும்பம், பயிற்சி, காலம் ஆகியவற்றை அக்குரல் சொல்கிறது. கடற்கரையில் பாலசரஸ்வதி ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’வுக்கு அபிநயம் பிடிக்கும்போது ஒலிப்பட்டை பாட்டுக்கு உரியதாகிறது. கலைஞரின் முகமே உரையாகிவிட்ட இடத்தில் இன்னொரு உரை இடையூறு. செட்டியாரின் ஊமைத் துண்டுகளில் அத்தகைய தன்னிறைவு அரிது. எனவே இரு படங்களையும் ஒரே தராசில் நிறுத்துவதற்கில்லை.

ஆங்கில வடிவத்தின் படி ஒன்றை ஆ.இரா. வேங்கடாசலபதி அமெரிக்காவில் கண்டறிந்தார். 1940இன் தமிழ்ப்படம் இன்று கிடைப்பதாக இல்லை. காட்சிகளில் பல, மூல நிறுவனங்களின் காப்பகங்களில் இருக்கக்கூடும். ஒரே துண்டு பல நாடுகளில் படியெடுக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. தமிழ் உரை அப்படியன்று. அது தமிழ்ப்படத்தின் ஒலிப்பட்டையோடு பிணைந்தது. ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ நூலில் செட்டியார் தேடலின் கதையை விரிவாகவே பதிவு செய்துள்ளார். படத்தில் ஒலித்த சொற்களின் சுவட்டைக் காண அக்காலத் தணிக்கைப் பதிவுகளையும் இதழ் மதிப்புரைகளையுமே நாட வேண்டும். பழைய இதழ்களைப் பேணிவரும் புதுக்கோட்டை ஞானாலயா ஆய்வு நூலகம் போன்றவற்றில் 1940 ஆகஸ்டை அடுத்த மாதங்களின் இதழ்களிலிருந்து அத்தேடலைத் தொடங்கலாம்.