டெண்டர் விளக்கக்காட்சி: ஒரு விதி, மூன்று பதில்

அடுக்குமாடி நிர்வாகம் ஒன்று துப்புரவுக் குத்தகைக்கு டெண்டர் அழைப்பதாகக் கொள்வோம். அதன் 4.2ஆம் விதி: "புளோக்கிற்கு 2 பணியாளர்கள், பொது விடுமுறையிலும் வேலை, அனைவருக்கும் சொக்சோ."

விதி ஒன்றுதான்; கேட்பது மூன்று. "ஏற்கிறோம்" என்று ஒரே வரியில் முடித்தால், விடுமுறை வேலைக்கு ஆள் எங்கே என்ற கேள்வி பதிலின்றி நிற்கும்.

எனவே 4.2ஐ அ, ஆ, இ எனப் பிரியுங்கள். இடப்பக்கம் அவர்களின் சொற்கள், நடுவில் உங்கள் பதில், வலப்பக்கம் ஆதாரம். சொக்சோவுக்குச் சந்தா ரசீது. விடுமுறைக்கு மாற்று ஆட்களுடன் பணி அட்டவணை.

விதி எண்களை மாற்றாதீர்கள். மதிப்பீட்டாளர் அவற்றை வைத்தே சரிபார்ப்பார். முழுமையாகச் செய்ய இயலாததை "பகுதி" என்று குறித்து, மாற்று வழியைச் சொல்லுங்கள். அது கட்டாய நிபந்தனையானால் டெண்டர் முடியுமுன்பே எழுத்தில் கேட்டுத் தெளியுங்கள்.