பிளேலிஸ்ட் `Unlisted`... உள்ளே இருக்கிற வீடியோவை யார் யார் பார்க்கலாம்?

திருப்பூர் முதலிபாளையம் சிட்கோவில் உங்களுக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பையருக்குக் காட்ட யூடியூபில் 12 வீடியோக்களை ஒரே பிளேலிஸ்ட்டாகப் போடுகிறீர்கள். கட்டிங், தையல், செக்கிங் என 8 வீடியோக்கள் `Public`. அடுத்த சீசன் சாம்பிள் 3, `Unlisted`. காஸ்டிங் பேசும் வீடியோ 1, `Private`.

முதல்ல ஒரு விஷயம். பிளேலிஸ்ட்டுக்கு ஒரு பூட்டு, வீடியோவுக்கு இன்னொரு பூட்டு. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது.

பிளேலிஸ்ட்டை `Unlisted` ஆக்கினால் அது உங்கள் சேனல் பக்கத்திலும் தேடலிலும் வராது. ஆனால் லிங்க் கையில் இருக்கிற யாரும் திறக்கலாம், கூகுள் கணக்குகூட வேண்டாம். அவர்களுக்கு 11 வீடியோக்கள் ஓடும். காஸ்டிங் வீடியோ மட்டும் ஓடாது. அதேநேரம், அந்த 8 `Public` வீடியோக்களும் எப்போதும்போல உங்கள் சேனலில் எல்லோர் கண்ணிலும் படும். மறைவது தொகுப்பு மட்டும்தான்.

இப்போ அதே பிளேலிஸ்ட்டை `Public` ஆக்கிப் பாருங்க. சேனலுக்கு வருகிற யாருக்கும் அதே 11 வீடியோக்கள் ஓடும். அதாவது, நீங்கள் மறைத்து வைத்த 3 சாம்பிளும் பக்கத்து கம்பெனிக்காரர் கண்ணில் படும். `Unlisted` வீடியோ ஒரு `Public` பிளேலிஸ்ட்டுக்குள் போய்விட்டால் யூடியூப் தேடலிலும் அது வரலாம். சிக்கல் இங்கேதான். அந்த பிளேலிஸ்ட் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. லிங்க் கிடைத்த ஒருவர் உங்கள் சாம்பிள் வீடியோவைத் தன்னுடைய `Public` பிளேலிஸ்ட்டில் சேர்த்தாலும் இதே கதைதான்.

சரி, தவறுதலாக `Public` ஆக்கிட்டீங்க. திரும்ப `Unlisted` ஆக்கினால் போதுமா? போதாது. இடையில் லிங்க்கை எடுத்து வைத்தவருக்கு அது தொடர்ந்து திறக்கும். அந்த 3 வீடியோக்களையும் ஒவ்வொன்றாக `Private` ஆக்க வேண்டும். பிறகு யூடியூப் ஸ்டுடியோவில் பையரின் மெயில் முகவரியைச் சேர்த்தால், அவர் தன் கூகுள் கணக்கில் நுழைந்து பார்ப்பார். வேறு யாருக்கு அந்த லிங்க்கை அனுப்பினாலும் திறக்காது. மெயில் சேர்க்கிற வேலை வேண்டாம் என்றால், பழைய வீடியோவை நீக்கிவிட்டு மறுபடி அப்லோட் செய்யுங்கள். புது லிங்க் கிடைக்கும்.

லிங்க்கை பையருக்கு அனுப்பும் முன் ஒரு சோதனை. போன் பிரவுசரில் இன்காக்னிட்டோ டேப் திறந்து, உள்நுழையாமல் பிளேலிஸ்ட் லிங்க்கை ஒட்டிப் பாருங்கள். உங்கள் கணக்கில் பார்த்தால் 12 வீடியோக்களுமே ஓடும், அதை நம்பாதீங்க. இன்காக்னிட்டோவில் எது ஓடுகிறதோ, அது லிங்க் கிடைத்த யாருக்கும் ஓடும்.