மனிதக் காதின் அளவுகோலில் குருவியின் குரல்

பறவையின் குரலைக் கணினிக்குப் பழக்கும்போது பெரும்பாலும் அதைப் படமாக மாற்றித்தான் கொடுக்கிறோம். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக சுருதி, ஒலி வலுக்கும் இடத்தில் வெளிச்சம். இதுதான் மெல் ஸ்பெக்ட்ரோகிராம். இதில் ‘மெல்’ எப்படி வந்தது என்று இன்று கொஞ்சம் பார்ப்போமே.

1937இல் ஸ்டீவன்ஸ், வோல்க்மன், நியூமன் என்ற மூவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஆட்களுக்கு ஓர் ஒலியைக் கேட்கவைத்து, அதில் பாதி உயரமாகத் தோன்றும் ஒலியை அவர்களையே திருப்பி எடுக்கச் சொன்னார்கள். அப்படிப் பிறந்த அளவுகோலுக்கு, மெலடி என்ற சொல்லிலிருந்து மெல் என்று பெயர் வைத்தார்கள். 1000 ஹேர்ட்ஸ் என்பது 1000 மெல். அதற்கு மேலே நம் காது சுருக்கிக் கேட்கிறது. பின்னாளில் வந்த சூத்திரப்படி 4000 ஹேர்ட்ஸ் 2146 மெல், அதன் இரட்டிப்பான 8000 ஹேர்ட்ஸோ வெறும் 2840 மெல்.

1980இல் டேவிஸும் மேர்மல்ஸ்டைனும் இதைப் பேச்சை அடையாளம் காணப் பயன்படுத்தினார்கள். மனிதர் பேச, மனிதர் கேட்பது, பொருத்தம்தான். ஆனால் மெல் பட்டைகளை அவர்கள் மேலும் கலந்து சில எண்களாக்கினார்கள். அதில் பக்கத்துப் பட்டை பக்கத்தில் இருக்காது. சிறு துண்டுகளாகப் படம் பார்க்கும் கொன்வொலூஷன் வலையமைப்புக்கு அது உதவாது.

2015இல் போலந்தின் கரோல் பிட்சாக் அந்தக் கலவையை விட்டுவிட்டு, 60 மெல் பட்டைகளைப் படமாகவே கொடுத்தார். மழை, நாய், சேவல் என 50 வகை, 5 செக்கன் ஒலித்துண்டுகள் 2000. இரண்டே கொன்வொலூஷன் அடுக்குகள். நமக்குப் பிடித்த இடம் இதுதான்: முதல் வடிகட்டியின் உயரம் 57 பட்டைகள். புகைப்படத்தில் பூனை எங்கே இருந்தாலும் பூனை. இங்கே மேலே நகர்ந்தால் அது வேறு ஒலி. ஆகவே வடிகட்டி ஏறக்குறைய முழு உயரத்தையும் பிடித்துக்கொண்டு நேரத்தோடு நகர்கிறது. பழைய எண்களை வைத்த முறை 44.3 சதவீதம் சரியாகச் சொன்னது, இது 64.5. மனிதர்கள் 81.3.

இனிக் குருவிக்கு வருவோம். அவர் எடுத்த மாதிரி வீதத்தில் 11025 ஹேர்ட்ஸ் வரை படத்தில் வரும். சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், முதல் 1000 ஹேர்ட்ஸுக்கு ஏறக்குறைய 19 பட்டைகள். 4000க்கு மேலுள்ள 7000 ஹேர்ட்ஸுக்கும் அதே 19தான்! கீழே இருப்பது பெரும்பாலும் காற்றும் வாகன இரைச்சலும். சிறு குருவிகள் பல கத்துவதோ மேலே.

இரண்டு கீச்சுக் குருவிகளை வலையமைப்பு திரும்பத் திரும்ப மாற்றிச் சொன்னால், மெல் படத்தைச் சாதாரண ஸ்பெக்ட்ரோகிராமின் அருகில் வைத்துப் பாருங்கள். அங்கே தனித்தனியாகத் தெரியும் கோடுகள் மெல் படத்தில் ஒட்டிப்போயிருந்தால் பிழை வலையமைப்பில் இல்லை. `fmin=1000, htk=True` என்று கொடுத்தால் மேற்பகுதிக்கு ஏறக்குறைய 28 பட்டைகள் கிடைக்கும். ஆனால் ஆந்தையின் தாழ்ந்த குரலும் அதோடு போய்விடும்.