பவர் கொடுத்தவர் இறந்தபின் எழுதப்படும் கிரயப் பத்திரம் செல்லுமா?

நிலத்துக்கு உரிமையாளர் இறந்து பல மாதங்களுக்குப் பின் அவர் பெயரில் கிரயப் பத்திரம் பதிவாகியிருப்பதை வில்லங்கச் சான்றில் கண்டு திகைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கேட்கப் போனால் வரும் பதில் ஒன்றுதான்: "உங்கள் அப்பா பவர் கொடுத்திருக்கிறார். அதில் ரத்து செய்ய முடியாது என்று எழுதியிருக்கிறது. பத்திரமும் பதிவாகிவிட்டது." இந்த மூன்று வாக்கியங்களும் உண்மையாக இருக்கலாம். அப்படி இருந்தாலும் அந்தக் கிரயம் செல்லாமல் போகக்கூடும். ஏன் என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

மரணத்தோடு முடியும் அதிகாரம்

மக்கள் 'பவர்' என்று அழைக்கும் பொது அதிகார ஆவணம் நிலத்தை எவருக்கும் மாற்றித் தருவதில்லை. உரிமையாளர் தமக்குப் பதிலாகச் செயல்பட ஒரு முகவரை நியமிக்கிறார், அவ்வளவே. முகவர் இடும் கையெழுத்து, சட்டத்தின் பார்வையில், உரிமையாளரின் கையெழுத்து. உரிமையாளரே இல்லாதபோது அவருக்காகக் கையெழுத்திட ஒருவர் இருக்க முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 201ஆம் பிரிவு இதைத்தான் கூறுகிறது: உரிமையாளரோ முகவரோ இறந்தால் முகமை முடிவடைகிறது.

உரிமையாளர் இறந்த கணத்தில் நிலம் அவருடைய வாரிசுகளைச் சேர்கிறது. உயில் எழுதாமல் இறந்த ஓர் ஆணுக்கு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, தாய், மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோர் முதல் வரிசை வாரிசுகள். அதன்பின் விற்க வேண்டுமானால் இவர்கள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். அல்லது அனைவரும் புதிதாக அதிகாரம் அளிக்க வேண்டும். பழைய பவரைக் கொண்டு இவர்களுடைய பங்கை விற்க எவருக்கும் வழியில்லை. முகவருக்கு எஞ்சியிருப்பது ஒரு கடமை மட்டுமே: ஒப்படைக்கப்பட்ட சொத்தை வாரிசுகளுக்காகப் பாதுகாக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 209ஆம் பிரிவு.

'ரத்து செய்ய இயலாதது' என்ற சொல்லின் மதிப்பு

இந்த விதிக்கு 202ஆம் பிரிவு ஒரு விலக்கு அளிக்கிறது. முகமைக்கு உட்பட்ட சொத்தில் முகவருக்கே ஓர் உரிமைநலன் இருந்தால், அந்த நலனுக்குக் கேடாக முகமையை முடிக்க இயலாது. மரணமும் அதை முடிக்காது. சட்டமே தரும் உதாரணம் எளிமையானது. ஒருவர் மற்றவருக்குக் கடன்பட்டிருக்கிறார். தம் நிலத்தை விற்று, வரும் தொகையிலிருந்து அந்தக் கடனைத் தீர்த்துக்கொள்ளுமாறு கடன் கொடுத்தவருக்கே அதிகாரம் தருகிறார். இந்த அதிகாரம் கடன் கொடுத்தவரின் பாதுகாப்புக்காகத் தரப்பட்டது என்பதால் உரிமையாளரின் இறப்புக்குப் பின்னும் நிற்கும்.

நில வணிகர்கள் பற்றிக்கொள்வது இந்த விலக்கைத்தான். ஆவணத்தில் 'ரத்து செய்ய இயலாத' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும் என்று கருதுகிறார்கள். அது போதாது என்பதை உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் பெங்களூரு நிலம் ஒன்றைப் பற்றிய வழக்கில் தெளிவாக்கியது. அங்கே உரிமையாளர் 1986இல் ஒரு பெண்மணிக்குப் பொது அதிகார ஆவணமும், பதிவு செய்யப்படாத விற்பனை ஒப்பந்தமும் எழுதித் தந்திருந்தார். 1997 ஜனவரியில் உரிமையாளர் இறந்தார். 1998 ஏப்ரலில் அந்தப் பெண்மணி, பழைய பவரைக் கொண்டு, தம் மகனுக்கே கிரயம் எழுதிப் பதிவு செய்தார். பின்னர் உரிமையாளரின் வாரிசுகள் அதே நிலத்தை வேறொருவருக்கு விற்றார்கள்.

நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, ஆவணத்தின் தலைப்பைப் பார்க்காமல் அதன் உள்ளடக்கத்தைப் பார்த்தது. நிலத்தை நிர்வகிக்கவும் விற்கவும் பொதுவான அதிகாரம் தரப்பட்டிருந்ததே தவிர, முகவருக்கு அந்த நிலத்தில் தனி உரிமைநலன் எதையும் அந்த ஆவணம் உருவாக்கவில்லை. பதிவு செய்யப்படாத விற்பனை ஒப்பந்தமும் உரிமையைத் தரவில்லை. ஆகவே உரிமையாளரின் மரணத்தோடு பவர் முடிந்தது; 1998 கிரயம் நிற்கவில்லை. பவரும் விற்பனை ஒப்பந்தமும் சேர்ந்தாலும் நில உரிமை மாறாது என்பது, சூரஜ் லேம்ப் வழக்கில் 2011ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னதுதான்.

எனவே ஒரு குடும்பம் முதலில் செய்ய வேண்டியது, பவர் ஆவணத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெற்று முழுமையாக வாசிப்பது. முகவர் பணம் தந்ததாகவோ, கடனுக்கு ஈடாகப் பவர் தரப்பட்டதாகவோ அதில் வாசகம் உள்ளதா? இருந்தால், உரிமையாளர் உண்மையில் அந்தப் பணத்தைப் பெற்றாரா? இந்த இரு கேள்விகளுக்கான விடையைப் பொறுத்தே விலக்கு பொருந்துமா என்பது முடிவாகும்.

வழக்கைத் தீர்மானிக்கும் இரு தேதிகள்

இறந்த தேதி, முகவர் கையெழுத்திட்ட தேதி ஆகிய இரண்டையும் நிறுவுவதே இத்தகைய வழக்கின் உயிர்நாடி. இங்கே பதிவுத் தேதியை வைத்து மட்டும் முடிவுக்கு வரக் கூடாது. ஓர் ஆவணம் எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் பதிவுக்குக் கொடுக்கலாம் என்கிறது பதிவுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. அப்படிப் பதிவானபின், அது கையெழுத்திட்ட நாளிலிருந்தே செயல்படும் என்கிறது 47ஆம் பிரிவு. அதனால் உரிமையாளர் உயிருடன் இருந்தபோது உண்மையிலேயே எழுதப்பட்ட கிரயம், அவர் இறந்தபின் பதிவானாலும் செல்லத்தக்கது. இந்த இடைவெளியைப் பயன்படுத்தி, இறப்புக்குப் பின் எழுதிய பத்திரத்துக்கு முன்தேதி இடுவதும் நடக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். காலனியில் வாழ்ந்த விவசாயி ஒருவர், தமது 1 ஏக்கர் 20 சென்ட் நிலத்துக்கு 2016இல் மனை வணிகர் ஒருவருக்குப் பவர் பதிந்து தந்தார். பணம் பெற்றதாக ஆவணத்தில் ஒரு வரியும் இல்லை. அவர் 2021 மார்ச் 9 அன்று வீட்டிலேயே இறந்தார். இறப்பு பதிவு செய்யப்படவில்லை. 2024இல் மகள் வில்லங்கச் சான்று எடுத்தபோது, வணிகர் தம் மைத்துனருக்கு எழுதிய கிரயம் 2021 ஜூன் 2 அன்று பதிவாகியிருந்தது. பத்திரத்தில் எழுதிய தேதியோ மார்ச் 1. நான்கு மாதக் கெடுவுக்குள் பதிவானதால் மேலோட்டமாக எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது.

ஆனால் சான்றிட்ட நகலில் முத்திரைத்தாளின் பின்புறத்தைப் பார்த்தால், அது விற்கப்பட்ட நாள் ஏப்ரல் 20 என்றிருக்கிறது. ஏப்ரலில் வாங்கிய தாளில் மார்ச்சில் கையெழுத்திட முடியாது. கிரயத் தொகைக்கான வங்கி வரைவோலை மே 28 தேதியிட்டது. தமிழ்நாட்டில், முகவர் மூலம் கிரயம் பதியும்போது பவர் கொடுத்தவர் உயிருடன் இருப்பதாக உயிர்வாழ் சான்று கேட்கும் நடைமுறை உள்ளது. அதன் நகலைக் கேட்டால், மே மாதத்தில் அவர் உயிருடன் இருந்ததாக ஒருவர் சான்றளித்திருக்கிறார். முன்தேதி என்ற ஏற்பாடு இத்துடன் குலைகிறது. பொய்ச் சான்றுக்காகத் தனியே குற்ற வழக்கும் தொடரலாம்.

மறுபுறம், இறந்த தேதியை மெய்ப்பிக்கும் சுமை குடும்பத்தின் மீது இருக்கிறது. நம் மக்களின் வழக்குகள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டில் நேர்ந்த மரணங்கள் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஓராண்டு கடந்துவிட்டால் உரிய நடுவரின் ஆணை பெற்றே இறப்பைப் பதிய முடியும். முதியோர் ஓய்வூதியம் நின்ற மாதம், குடும்ப அட்டையில் பெயர் நீக்கிய நாள், கருமாதிப் பத்திரிகை போன்றவை அந்த ஆணைக்கும், பின்னர் உரிமையியல் நீதிமன்றத்துக்கும் துணைச் சான்றாகும்.

'எனக்குத் தெரியாது' என்னும் வாதம்

வாங்கியவரிடம் இன்னொரு வாதம் இருக்கும். முகமை முடிந்தது மூன்றாம் நபருக்குத் தெரியவரும்போதுதான் அவரைப் பொறுத்தவரை அது நடைமுறைக்கு வரும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 208ஆம் பிரிவு. உரிமையாளர் இறந்ததை அறியாமல், நல்லெண்ணத்தோடு, முழு விலை தந்து வாங்கியவர் இதன் நிழலில் ஒதுங்க முயல்வார். இது வலுவற்ற வாதமல்ல; எனவே அறிந்திருந்தார் என்பதற்கான சான்றை முன்கூட்டியே திரட்ட வேண்டும். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் வாங்கியவர் முகவரின் மைத்துனர். வணிகர் சாவு வீட்டுக்கு வந்து மாலை போட்டதை ஊரே பார்த்திருக்கிறது. நிலத்தில் உழுதுகொண்டிருந்த குடும்பத்திடம் வாங்கியவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். முன்தேதி இட்டதே, இறப்பு தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று.

வாரிசுகள் செய்ய வேண்டியது

சார்பதிவாளரோ வட்டாட்சியரோ நில உரிமை யாருக்கு என்று இறுதியாகத் தீர்மானிக்க முடியாது. பட்டா மாற்றத்துக்கு உடனே எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். ஆனால் அத்தோடு நின்றுவிடக் கூடாது. அந்தக் கிரயம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று விளம்புகை கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிட வேண்டும். நிலம் கைவிட்டுப் போயிருந்தால் சுவாதீனத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். விளம்புகைக்கான கெடு, வழக்கிடும் உரிமை முதலில் எழுந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள். உரிமையின் அடிப்படையில் சுவாதீனம் மீட்க, எதிரியின் அனுபவம் உரிமைக்கு எதிரானதாக மாறியதிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள். வில்லங்கச் சான்றில் கண்ட நாளையே தொடக்கமாகக் கொண்டு செயல்படுவது பாதுகாப்பானது.

இதற்கிடையே எதிர்த்தரப்பு ஒரு சிறு தொகையோடு 'உறுதி ஆவணம்' என்ற தாளை நீட்டும். அதில் கையெழுத்திட்ட வாரிசு, இல்லாத கிரயத்துக்குத் தாமே உயிர் கொடுத்துத் தம் பங்கை இழக்க நேரிடும்.

நிலத்தை இழந்தவர் பட்டியல் சாதியினராகவும் பறித்தவர் அவ்வாறு அல்லாதவராகவும் இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-இன் 3(1)(எஃப்), 3(1)(ஜி) பிரிவுகளையும் பரிசீலிக்க வேண்டும். உரிமையாளரின் சம்மதமின்றி நிலத்தைக் கைப்பற்றுவதும், அதற்காக ஆவணங்களைப் புனைவதும் 'முறைகேடாக' என்ற சொல்லின் பொருளுக்குள் வருகின்றன. ஆனால் வெறும் உரிமையியல் தகராறுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று நீதிமன்றங்கள் கூறிவருவதால், முத்திரைத்தாள் தேதி, பொய்ச் சான்று, வெளியேற்றிய விதம் ஆகியவற்றைப் புகாரிலேயே குறிப்பாக எழுத வேண்டும்.

நிலம் பஞ்சமி நிலமாக இருந்தால் கேள்வி மேலும் ஒரு படி முன்னே செல்கிறது. 1892ஆம் ஆண்டு அரசாணையின் நிபந்தனைப்படி, அதை ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாதவருக்கு உரிமையாளரே விற்க முடியாது. தம்மிடம் இல்லாத அதிகாரத்தை அவர் முகவருக்குத் தந்திருக்க இயலாது. அந்தக் கிரயம், அவர் உயிருடன் இருந்த நாளில் எழுதப்பட்டிருந்தாலும் நிபந்தனையை மீறியதே. ஆகவே 'அ' பதிவேட்டில் அந்நிலம் எப்படிக் குறிக்கப்பட்டுள்ளது என்பதை, இறப்புத் தேதியைத் தேடத் தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.