மண் கணக்கு பிறந்த கதை

மேற்கு முனையில் 34.1 அடி உயரம், கிழக்கு முனையில் வெறும் 3.1 அடி. மேல் அகலம் நெடுகிலும் 8 அடிதான். கீழ் அகலம் மேற்கே 76.2 அடி, கிழக்கே 14.2 அடி. நீளம் 480 அடி. பள்ளத்தில் தொடங்கி மேட்டில் போய் முடிகிற கரை இப்படித்தான் இருக்கும். இதற்கு எவ்வளவு மண் வேண்டும்?

இந்தக் கரை எங்கும் கட்டப்பட்டதல்ல. 7ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், சீனாவில் தாங் வம்சத்து அரசவையில் பஞ்சாங்கக் கணக்குகளைச் சரிபார்த்துவந்த வாங் சியாவோதுங் என்பவர் தம் நூலில் போட்ட கணக்கு அது. அடி என்றது சீன அடியை. அவர் கேட்ட கேள்வி நான் மேலே கேட்டதைவிடக் கொடியது. நான்கு மாவட்டங்களிலிருந்து 55,630 பேர் வருகிறார்கள். வெட்டுவது, சுமப்பது, இடித்துக் கட்டுவது எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 4.96 கன அடி வேலை ஆகிறது. ஒரே நாளில் கரை முடிகிறது. அளவுகளுக்கு இடையே உள்ள வித்தியாசங்களை மட்டும் சொல்லிவிட்டு, அளவுகளை நீயே கண்டுபிடி என்கிறார். விடை முப்படிச் சமன்பாட்டில் போய் முடியும். ஆனால் அந்தச் சமன்பாட்டை எழுதுவதற்கு முன்னால், இரு முனையும் ஒத்துப்போகாத கரையின் கன அளவுக்கு ஒரு விதி கையில் இருந்தாக வேண்டும். நம் கதை அந்த விதியைப் பற்றியது.

வாங்குக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சீனாவில் கரைக்குக் கணக்கு இருந்தது. ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்னும் பழைய கணித நூலின் ஐந்தாம் அத்தியாயம் பெரும்பாலும் மண்வேலைதான். மதில், கரை, அகழி, வாய்க்கால் எல்லாவற்றுக்கும் அதில் ஒரே விதி: மேல் அகலத்தையும் கீழ் அகலத்தையும் கூட்டிப் பாதியாக்கு, உயரத்தால் பெருக்கு, நீளத்தால் பெருக்கு. அதிலுள்ள ஒரு கரைக்கு மேலே 8 அடி, கீழே 20 அடி, உயரம் 4 அடி, நீளம் 127 அடி. கணக்குப் போட்டால் 7,112 கன அடி. தரை சமமாக இருக்கும்வரை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தரை சாய்ந்தால்தான் சிக்கல். தம் நூலின் முன்னுரையில் வாங் கை வைப்பதும் அங்கேதான். முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்த வடிவங்களைப் பற்றிப் பழைய நூலில் ஒன்றும் இல்லையே என்கிறார். கூடவே, என் நூலில் ஒரே ஓர் எழுத்தைத் தப்பென்று யாராவது காட்டினால் ஆயிரம் பொன் தருகிறேன் என்று அரசருக்கே எழுதுகிறார். அடக்கமான மனிதர் என்று சொல்ல முடியாது.

சாய்ந்த தரையில் சட்டென்று தோன்றும் வழி, இரு முனைகளின் குறுக்குவெட்டுப் பரப்பையும் கண்டு, சராசரி எடுத்து, நீளத்தால் பெருக்குவது. இது மிகப் பழைய வழி. பாபிலோனியக் களிமண் பலகைகளிலேயே, மேலே குறுகி நிற்கும் வடிவத்துக்கு இரு முனைப் பரப்புகளின் சராசரியை உயரத்தால் பெருக்கியிருக்கிறார்கள். வாங்கின் கரைக்கும் அதையே செய்து பார்ப்போம். மேற்கு முனையில் சராசரி அகலம் 42.1, உயரம் 34.1. பரப்பு 1,435.61 சதுர அடி. கிழக்கு முனையில் 11.1 × 3.1 = 34.41 சதுர அடி. சராசரி 735.01. நீளத்தால் பெருக்கினால் 3,52,804.8 கன அடி.

இன்னொரு வழியும் தோன்றும். கரையின் நட்டநடுவில் ஒரு வெட்டை எடுத்துக்கொள்ளலாம். அங்கே உயரம் இரு உயரங்களின் சராசரி, 18.6 அடி. அகலம் இரு அகலங்களின் சராசரி, 26.6 அடி. பரப்பு 494.76. நீளத்தால் பெருக்கினால் 2,37,484.8 கன அடி.

ஒரே கரை. இரு கணக்குக்கும் இடையே ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

வாங்கின் விதி இரண்டையும் விட்டுவிட்டு வேறு வழியில் போகிறது. மேற்கு உயரத்தின் இருமடங்கோடு கிழக்கு உயரத்தைக் கூட்டி, அதை மேற்கின் சராசரி அகலத்தால் பெருக்க வேண்டும்: 71.3 × 42.1. பிறகு கிழக்கு உயரத்தின் இருமடங்கோடு மேற்கு உயரத்தைக் கூட்டி, கிழக்கின் சராசரி அகலத்தால் பெருக்க வேண்டும்: 40.3 × 11.1. இரண்டையும் கூட்டினால் 3,449.06. அதை நீளத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் 2,75,924.8 கன அடி. 55,630 பேரை 4.96ஆல் பெருக்கிப் பாருங்கள். அதே எண், ஒரு பொட்டுகூட மாறாமல்.

முனைச் சராசரியை நம்பியிருந்தால் 76,880 கன அடி கூடுதலாகக் காட்டியிருக்கும். ஆள் கணக்கில் சொன்னால் சரியாக 15,500 பேர். தேவையில்லாத ஒரு மாவட்டத்தையே திரட்டி வேலைக்கு அனுப்பியதற்குச் சமம்.

ஏன் இப்படி ஆகிறது? கரையை மனத்துக்குள் அறுத்துப் பார்க்கலாம். கணக்குக்கு வசதியாக ஒவ்வொரு வெட்டையும் அதே பரப்புள்ள செவ்வகமாக வைத்துக்கொள்வோம். கிழக்கே 11.1 அகலம், 3.1 உயரம். மேற்கே 42.1 அகலம், 34.1 உயரம். அகலமும் 31 அடி கூடுகிறது, உயரமும் 31 அடி கூடுகிறது. கிழக்கு வெட்டு மாறாமல் நெடுக ஓடும் துண்டு முதலாவது. அதன் பக்கத்திலும் தலைமேலும் ஒரு முனையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி மறுமுனையில் தடித்து முடியும் இரண்டு ஆப்புகள் அடுத்தவை. மூலையில் மிஞ்சுவது, அகலத்திலும் உயரத்திலும் ஒருசேர வளரும் ஒரு கூம்பு. அதன் அடிப்பாகம் 31 × 31, நீளம் 480.

முதல் துண்டில் யாருக்கும் தகராறில்லை, 16,516.8 கன அடி. ஆப்புகள் முழு அளவில் பாதி, 1,05,648. முனைச் சராசரியும் பாதி என்கிறது, நடுவெட்டும் பாதி என்கிறது. இதுவரை இருவரும் ஒற்றுமைதான். சண்டை கூம்பில். கூம்பின் கன அளவு, அடிப்பரப்பை நீளத்தால் பெருக்கியதில் மூன்றில் ஒரு பங்கு. இதைச் சீனாவில் லியூ ஹுய் 263இல் ‘ஒன்பது அத்தியாயங்க’ளுக்கு எழுதிய உரையில் நிறுவியிருந்தார். முனைச் சராசரிக்கு அது பாதியாகத் தெரிகிறது. நடுவெட்டில் அகலமும் பாதி, உயரமும் பாதி என்பதால் அதற்குக் கால் பங்காகத் தெரிகிறது. பாதி என்பது மூன்றில் ஒன்றைவிட ஆறில் ஒன்று அதிகம். கால் என்பது மூன்றில் ஒன்றைவிடப் பன்னிரண்டில் ஒன்று குறைவு. ஆகவே முனைச் சராசரி எவ்வளவு மிகுதியாகச் சொல்கிறதோ, அதில் சரிபாதி நடுவெட்டு குறைத்துச் சொல்கிறது. நம் கரையில் ஒன்று 76,880 கூடுதல், மற்றது 38,440 குறைவு.

இந்த இடத்தில் கதை ராஜஸ்தானத்துக்குத் தாவுகிறது. வாங் வாழ்ந்த அதே காலத்தில், இன்று பின்மால் எனப்படும் பில்லமாலாவில், பிரம்மகுப்தர் 628இல் ‘பிராம்ம ஸ்புட சித்தாந்தம்’ எழுதினார். அதில் குழி வெட்டும் கணக்குக்கு ஒரு விதி உண்டு. மேலும் கீழும் உள்ள பக்க அளவுகளைச் சராசரியாக்கிப் பரப்பு கண்டு ஆழத்தால் பெருக்கினால் கிடைப்பது நடைமுறை அளவு. மேல் பரப்பையும் கீழ்ப் பரப்பையும் சராசரியாக்கி ஆழத்தால் பெருக்கினால் கிடைப்பது பருமட்டான அளவு. பருமட்டிலிருந்து நடைமுறையைக் கழித்து, மூன்றால் வகுத்து, நடைமுறையோடு கூட்டினால் நுட்பமான அளவு.

அவர் நடைமுறை என்பது நம் நடுவெட்டு. பருமட்டு என்பது நம் முனைச் சராசரி. இரண்டையுமே தூக்கி எறியாமல், இரண்டுமே எந்தப் பக்கம் எவ்வளவு தவறுகின்றன என்று பார்த்து, அந்தத் தவறுகளைக்கொண்டே சரியான விடையை எடுத்துவிட்டார். எனக்கு வாங்கின் விதியைவிட இதுதான் அழகாகப் படுகிறது. அவர் சொன்னது குழிக்கு. குழியைப் படுக்கவைத்தால் கரை. சீனக் கரைக்குப் பில்லமாலா விதியைப் போட்டுப் பார்ப்போமே: 3,52,804.8இலிருந்து 2,37,484.8 போனால் 1,15,320. மூன்றில் ஒரு பங்கு 38,440. நடுவெட்டோடு கூட்டினால் 2,75,924.8. வாங் ஆயிரம் பொன்னைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

கர்நாடக மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மகாவீரர் எழுதிய ‘கணித சார சங்கிரக’த்திலும் இதே விதி வருகிறது. அந்த நூல் பேராசிரியர் எம். ரங்காசாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912இல் சென்னையில் அச்சாயிற்று. சீனாவில் வாங்கின் நூல் 656இல் அரசுக் கணிதப் பள்ளியின் பாடமாகி, அதற்கு மட்டும் மூன்று ஆண்டு ஒதுக்கப்பட்டது.

ஐரோப்பாவில் இது வேறு வழியாக வந்தது. கால்வாயும் ரயில் பாதையும் பெருகிய காலத்தில், தாமஸ் டெல்ஃபோர்டிடம் வேலை பார்த்த அயர்லாந்துப் பொறியாளர் ஜான் மக்நீல், கரைக்கும் வெட்டுக்கும் மண் அளவை நேரடியாகப் பார்த்துக்கொள்ளும் அட்டவணைகளை 1833இல் வெளியிட்டார். இன்று பொறியியல் மாணவர்கள் படிக்கும் வடிவம் இதுதான்: இரு முனைப் பரப்புகளோடு நடுவெட்டுப் பரப்பின் நான்கு மடங்கைக் கூட்டி, நீளத்தால் பெருக்கி, ஆறால் வகு. பிரம்மகுப்தரின் மூன்று வரிகளைப் பிரித்துச் சேர்த்தாலும் அதுவே வரும்.

அப்படியானால் கரை வேலைகளில் ஏன் பெரும்பாலும் வெறும் முனைச் சராசரியையே போடுகிறார்கள்? சோம்பல் மட்டும் காரணமல்ல. வாங் 480 அடியை ஒரே துண்டாக எடுத்தார். அதே கரையில் 30 அடிக்கு ஒரு வெட்டு எடுத்தால் 16 துண்டு ஆகும். ஒவ்வொரு துண்டிலும் உயர வித்தியாசம் பதினாறில் ஒன்று, அகல வித்தியாசமும் பதினாறில் ஒன்று. மொத்தப் பிழை 256இல் ஒரு பங்காகச் சுருங்கி 300 கன அடிக்கு வந்துவிடும். இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை கால் ஆகும். மட்டக்கருவியும் சங்கிலியும் கொண்டு நெருக்கமாக வெட்டு எடுக்கிற இடத்தில், ஒப்பந்தக்காரரும் அளவெடுப்பவரும் தனித்தனியே போட்டுப் பார்த்து ஒத்துக்கொள்ளக்கூடிய எளிய கணக்கே போதும். ஆனால் 300 என்பது தரை ஒரே சீராகச் சாய்ந்தால்தான். இரண்டு வெட்டுகளுக்கு நடுவே ஓடை குறுக்கிட்டால் எந்த விதிக்கும் அது தெரியாது. தரை முறியும் இடத்தில், சங்கிலி எண் என்னவாக இருந்தாலும், ஒரு வெட்டு கூடுதலாக எடுத்தாக வேண்டும்.

கரை தேய்ந்து முடியும் கடைசித் துண்டையும் தனியாகப் பார்க்க வேண்டும். அங்கே கூம்பின் பங்கு அதிகம். 3 மீட்டர் உயரம், 4 மீட்டர் மேல் அகலம், இரு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு சரிவு உள்ள கரை 30 மீட்டரில் தரையோடு தேய்ந்தால், முனைச் சராசரி 450 கன மீட்டர் காட்டும். உண்மை 360. பட்டியலில் முதல் வரியும் கடைசி வரியும் கண்ணில் படவேண்டிய வரிகள்.

பிழை எப்போதும் கூடுதலாகவே வரும் என்றும் நம்பிவிடக் கூடாது. ஒரு முனை அகன்று தாழ்ந்தும், மறுமுனை குறுகி உயர்ந்தும் இருந்தால், அகலம் கூட உயரம் குறையும். அப்போது முனைச் சராசரி குறைத்துக் காட்டும்.

நான்கு மடங்கு விதியைப் போடுகிறவர்கள் செய்யும் ஒரு தவறும் உண்டு. நடுவெட்டுப் பரப்புக்கு இரு முனைப் பரப்புகளின் சராசரியையே எழுதிவிடுவது. அப்படி எழுதினால் கணக்கு முழுவதும் மீண்டும் முனைச் சராசரியாகவே சுருங்கிவிடும். உயரத்தையும் அகலத்தையும் தனித்தனியே சராசரி எடுத்து, அதன் பிறகுதான் பரப்பு காண வேண்டும். இரண்டு விதியாலும் போட்ட விடை கடைசி இலக்கம்வரை ஒன்றாக வந்தால், முதலில் அந்தக் கட்டத்தைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.