பொதுத் தேவையும் குடிமகன் காணியும்

வீதி வேண்டும், நீர்த்தேக்கம் வேண்டும், வைத்தியசாலை வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இவை வானத்தில் அமைவன அல்ல; யாரோ ஒருவருடைய காணியிலேயே அமைகின்றன. அக்காணிக்கு உரியவர் எப்போது அதனை அறிகிறார், அவர் பேச்சு எந்தக் கட்டத்தில் கேட்கப்படுகிறது, அவர் கையில் கிடைக்கும் பணம் இழந்ததற்கு ஈடாகிறதா என்ற மூன்று வினாக்களையும் முன்வைத்து நம் நாட்டுக் காணிச் சட்டத்தின் வரலாற்றைப் பார்ப்பது பயனுடையது.

இலங்கையில் பொதுத் தேவைக்காகத் தனியார் காணியை அரசு கட்டாயமாக எடுப்பதற்கு ஆங்கிலேயர் வகுத்த விதி 1876ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். சுதந்திரத்தின் பின்னர் அதன் இடத்தில் வந்ததே 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம். ஆட்சி மாறியது, ஆனால் காணியின் தேவையைத் தீர்மானிப்பவன் அரசு, பணம் பெற்று விலகுபவன் குடிமகன் என்ற அடிப்படை மாறவில்லை. இச்சட்டமே பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது.

சட்டம் வகுத்துள்ள படிகளைச் சற்றுப் பொறுமையாக நோக்குவோம். முதலாவது, 2ஆம் பிரிவின் கீழ் ஓர் அறிவித்தல். ஒரு பகுதியிலுள்ள காணி பொதுத் தேவைக்கு வேண்டியுள்ளது என்று கூறி, அதனுள் அலுவலர் நுழைந்து அளந்து ஆராய்வதற்கு அது இடமளிக்கிறது. அடுத்தது 4ஆம் பிரிவின் அறிவித்தல். காணிக்காரர் ஆட்சேபனை தெரிவிக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான். ஆட்சேபனையை அமைச்சின் செயலாளர் விசாரிப்பார்; முடிவை அமைச்சரே செய்வார். அதன்பின் 5ஆம் பிரிவின் பிரகடனம் வெளிவரும். காணி பொதுத் தேவைக்கு உரியது என்பதற்கு அப்பிரகடனமே முடிந்த முடிவான சான்று என்று சட்டம் கூறுகிறது. பின்னர் நில அளவை, 7ஆம் பிரிவின் கீழ் உரிமை கோருமாறு அழைப்பு, விசாரணை, உரித்துப் பற்றிய தீர்மானம், 17ஆம் பிரிவின் கீழ் நட்டஈட்டுத் தீர்ப்பு. இறுதியாக 38ஆம் பிரிவின் கட்டளை வர்த்தமானியில் வெளிவந்ததும் காணி அரசுக்கு உரித்தாகிவிடும்.

இவ்வொழுங்கைத் தாளில் வாசிக்கும்போது நியாயமானதாகவே தோன்றும். ஆனால் 38ஆம் பிரிவின் அடியில் ஒரு காப்புவாசகம் இருக்கிறது. அவசரம் என்று அமைச்சர் கருதினால், 2ஆம் பிரிவு அறிவித்தல் காட்சிக்கு வைக்கப்பட்ட பின் எந்நேரத்திலும் காணியைக் கையேற்கலாம் என்பது அது. அவ்வாறு செய்தால் 4ஆம் பிரிவின் ஆட்சேபனைக்கு இடமே இல்லாமற் போய்விடுகிறது. நட்டஈட்டு விசாரணையோ வீடு இடிக்கப்பட்ட பின் நடைபெறும். விதிவிலக்காக எழுதப்பட்ட வாசகம் வழமையாக மாறும்போது, ஆலோசனை என்பது சட்டப் புத்தகத்தில் மட்டும் வாழ்கிறது.

இனி நட்டஈட்டைப் பார்ப்போம். விருப்பமுள்ள ஒருவர் திறந்த சந்தையில் விற்றால் காணி எவ்வளவு பெறுமோ அதுவே சந்தைப் பெறுமதி என்பது 45ஆம் பிரிவின் அளவுகோல். இங்கே விற்பவர் விருப்பமுள்ளவர் அல்லர் என்பதை அளவுகோல் கணக்கிற் கொள்வதில்லை. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். இருபது பேர்ச் காணியும் அதில் தந்தையார் நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடும் இருக்கின்றன. காணியின் பெறுமதி நான்கு இலட்சம் ரூபா. அத்தகைய வீட்டை இன்று புதிதாகக் கட்டப் பத்து இலட்சம் வேண்டும். வீடு பழையது என்பதால் தேய்மானம் பாதி கழிக்கப்படுகிறது. எஞ்சுவது ஐந்து இலட்சம். ஆக மொத்தம் ஒன்பது இலட்சம் கிடைக்கும். அயலில் அதேபோன்ற காணியை வாங்கி அதேபோன்ற வீட்டைக் கட்டப் பதினான்கு இலட்சம் வேண்டும். பழைய வீட்டில் மழைக்கு நனையாமல் உறங்கிய குடும்பம் புதிய வீட்டிற்கு ஐந்து இலட்சம் கடன்பட வேண்டியதாகிறது.

கதை இத்துடன் முடியவில்லை. தந்தையார் இறந்தபின் காணி மூன்று பிள்ளைகளுக்குப் பிரிக்கப்படாத பங்காக இறங்கியுள்ளது. ஒரு மகளே அங்கு குடியிருக்கிறார் என்று கொள்வோம். ஒன்பது இலட்சம் மூன்றாகப் பிரியும். மற்றை இருவருக்கும் அது எதிர்பாராத வரவு. குடியிருந்த மகளுக்கோ மூன்று இலட்சம். அதற்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. பங்காளருள் பிணக்கு எழுந்தால் உரித்துத் தீரும்வரை பணம் கைக்கு வராது. நம் கிராமங்களில் பிரிக்கப்படாத காணிகள் எத்தனை என்பதை அறிந்தவர்களுக்கு இது அரிதான நிலை அன்று என்பது விளங்கும்.

உரித்தே இல்லாதவர் நிலை இன்னும் கடினமானது. காணியில் அக்கறையுடையவர் யார் என்பதற்கு 1950ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வரைவிலக்கணத்தில் உரிமையாளர், பங்காளர், ஈட்டுக்காரர், குத்தகைக்காரர் ஆகியோர் அடங்குவர். மாத வாடகைக்குக் குடியிருப்பவர் வெளிப்படையாகவே விலக்கப்பட்டுள்ளார். தோட்டத்து லயன் அறையில் மூன்று தலைமுறை வாழ்ந்தவருக்கும் காட்ட உறுதி இல்லை. தலவாக்கலைப் பகுதியில் மேல் கொத்மலைத் திட்டத்திற்காக இடம்பெயர்ந்த லயன் குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் அமைத்துக் கொடுக்கப்பட்டன. அது திட்டத்தின் ஏற்பாட்டால் வந்ததேயன்றி, நட்டஈட்டுச் சட்டம் அவர்களை உரிமையாளராக எண்ணியதால் வந்ததன்று. நட்டஈடும் புனர்வாழ்வும் வேறு வேறு என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமா? முன்னது ஆதனத்திற்கு விலை. பின்னது வாழ்வைத் திரும்ப நிறுத்தும் பணி.

இவ்வேறுபாடு கொழும்பை மாத்தறையுடன் இணைக்கும் தெற்கு நெடுஞ்சாலையின்போது நாட்டின் முன் பகிரங்கமாக வந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியும் யப்பானிய வங்கியும் கடனளித்த அவ்வீதிக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. சுற்றாடல் மதிப்பீட்டில் ஆராயப்பட்ட பாதை ஒன்று. பின்னர் சில இடங்களில் தெரிவுசெய்யப்பட்ட பாதை வேறொன்று. ஈரநிலங்களைத் தவிர்க்க வேண்டும் என்ற நிபந்தனை அம்மாற்றத்திற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. ஈரநிலம் தப்பியது, ஆனால் தம் காணிமீது வீதி வரப்போவதில்லை என்று எண்ணியிருந்தவர்களின் முற்றத்தில் கோடு விழுந்தது. காலி மாவட்டத்து அக்மீமனை மக்கள் உட்படப் பலர் நீதிமன்றத்தை நாடினர்.

மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுடைய மனுக்களைத் தள்ளுபடி செய்தது. 2004 சனவரியில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதினார். பாதை மாறியபோது அதனாற் பாதிக்கப்படுவோருக்கு அறிவித்து அவர்களைக் கேட்டிருக்க வேண்டும். அவ்வாறு கேளாதது இயற்கை நீதிக்கும், சட்டத்தின் முன் யாவரும் சமம் என்ற அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரைக்கும் முரணானது என்று நீதிமன்றம் கண்டது. ஆனால் வீதியை நிறுத்தவோ திருப்பவோ அது கட்டளையிடவில்லை. மேன்முறையீட்டாளர் ஒவ்வொருவருக்கும், காணிக்குரிய நட்டஈட்டிற்கு மேலதிகமாக, 75,000 ரூபா வழங்குமாறு பணித்தது.

இத்தீர்ப்பு இரு பாடங்களை ஒருங்கே தருகிறது. கேட்கப்படும் உரிமைக்கு விலையுண்டு என்பதை அது நிலைநாட்டியது, அது வெற்றி. ஆனால் காலந்தாழ்ந்து கிடைக்கும் செவிமடுப்பு வீதியின் திசையை மாற்றாது என்பதையும் காட்டியது. கோடு தாளில் இருக்கும்போது ஒரு குடிமகன் சொல்லும் சொல் அதனை அசைக்கக்கூடும். ஒப்பந்தம் கைச்சாத்தாகி, அயற்காணிகள் எடுக்கப்பட்டு, இயந்திரங்கள் வந்தபின் அதே சொல் பணமாக மட்டுமே மாறுகிறது. ஒரு திட்டத்தில் உண்மையான ஆலோசனை நடந்ததா என்பதை அறிய வேண்டுமானால், கூட்டங்கள் எத்தனை என்று கேட்பதில் பயனில்லை. கூட்டம் நடந்தபோது பாதை முடிவாகிவிட்டதா என்று கேட்க வேண்டும்.

நட்டஈட்டில் அந்நெடுஞ்சாலை ஒரு முன்னேற்றத்தைக் கொணர்ந்தது. காணி எடுத்தலுக்கும் மீள்குடியேற்றத்துக்குமான குழுக்கள் பிரதேச செயலக மட்டத்தில் அமைக்கப்பட்டன. காணிக்காரர் அக்குழுவின் முன் அமர்ந்து தம் வீட்டின் பெறுமதியைப் பற்றி வாதிக்க இடமிருந்தது. தேய்மானம் கழிக்காமல், அதேபோன்ற வீட்டை மீளக் கட்டும் செலவே அளவாகக் கொள்ளப்பட்டது. நாம் மேலே கற்பனை செய்த குடும்பத்திற்கு ஒன்பதன் இடத்தில் பதினான்கு இலட்சம் கிடைப்பதற்கு ஒப்பானது இது. 2001 மே மாதத்தில் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய மீள்குடியேற்றக் கொள்கையும் மீளமைப்புச் செலவையே அடிப்படையாகக் கொண்டு, உறுதியில்லாதோரையும் கணக்கில் எடுத்தது. 2009இல் வர்த்தமானியில் வெளிவந்த ஒழுங்குவிதிகள் நட்டஈட்டின் அளவுகோலை மேலும் விரித்தன. எனினும் கொள்கை சட்டம் அன்று. கடன் வழங்கும் வங்கியின் கண் இருக்கும் திட்டத்தில் அது உயிர்பெறுகிறது. அக்கண் இல்லாத இடத்தில் உறங்குகிறது.

அவ்வாறான இடமொன்றை நாம் வெகுதூரம் சென்று தேட வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 1990இல் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுடைய காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்தினுள் அடங்கின. போர் 2009இல் முடிந்தபின்னும் பலர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தனர். 2013 ஏப்ரலில் 6,300 ஏக்கருக்கும் மேற்பட்ட காணியைப் படைத்தரப்பின் தேவைக்காக எடுக்கப்போவதாக 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டப்பட்டது. காணிக்காரர் உள்ளே செல்ல முடியாத ஒரு பிரதேசத்தைப் பற்றிய அறிவித்தலை எங்கே ஒட்டினால் அது அவர் கண்ணிற்படும்? ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணிக்காரர் வழக்குத் தொடர்ந்தனர். 2015 முதல் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. எல்லாம் ஒருங்கே திரும்பவில்லை.

இங்கே பொருந்தும் நீதி ஒன்று ஏற்கெனவே இருந்தது. 2ஆம் பிரிவு அறிவித்தலே எந்தப் பொதுத் தேவைக்கென்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மனேல் பெர்னாண்டோ வழக்கில் 2000ஆம் ஆண்டளவிலேயே உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. நோக்கத்தை அறியாதவன் எதை மறுப்பான் என்பதே அதன் நியாயம். வலிகாமத்தில் நோக்கம் சொல்லப்பட்டது. ஆனால் குடிமகனை அவன் வயலுக்கு வெளியே நிறுத்தி வைத்துப் படைமுகாம் அமைப்பது எந்தப் பொதுமக்களுடைய தேவை என்ற வினாவிற்கு விடை சொல்லப்படவில்லை.

ஆகவே நாம் கோரவேண்டியன நான்கு. 4ஆம் பிரிவின் ஆட்சேபனை, பாதையும் எல்லையும் முடிவாகுமுன் நடைபெற வேண்டும். அவசரக் காப்புவாசகத்திற்கு அமைச்சர் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். மீளமைப்புச் செலவு என்ற அளவுகோல் திட்டத்திற்குத் திட்டம் மாறும் சலுகையாக இராது, சட்டத்தின் வாசகமாக வேண்டும். உறுதி இல்லாத வாடகைக் குடியும் லயன் குடும்பமும் அச்சட்டத்தில் இடம்பெற வேண்டும். வீதியின் பயனை நாடு முழுவதும் அனுபவிக்கிறது. அதன் செலவை அதன் பாதையிலிருந்த சில குடும்பங்கள் மட்டும் சுமக்க வேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.